ஏசி மெக்கானிக்கின் பயோடேட்டாவில் இருக்க வேண்டியவை

ஏசி, குளிர்சாதன மெக்கானிக் ஒருவரின் பயோடேட்டாவைப் படிப்பவர் பெரும்பாலும் சர்வீஸ் மேனேஜர்தான். அவரும் ஒரு காலத்தில் ஏணி ஏறி அவுட்டோர் யூனிட் மாட்டியவராகவே இருப்பார். அதனால் அலுவலக வேலைக்கான விண்ணப்பத்தைப் போல அவர் இதைப் படிப்பதில்லை. இவரை நாளைக் காலை எந்த இடத்துக்குத் தனியாக அனுப்பலாம், எந்த இடத்துக்கு இன்னொருவரோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற கணக்கைத்தான் அதில் தேடுகிறார். அந்தக் கணக்குக்கு நான்கு விஷயங்கள் தேவை: எந்த மெஷின்களில் வேலை பார்த்தவர், எவற்றைப் புதிதாகப் பொருத்தியவர், கேஸைக் கையாள எங்கே பயின்றவர், பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் எப்படி வேலை செய்தவர்.

பிரவுசிங் சென்டரில் ஐம்பது ரூபாய்க்கு அடித்துத் தரும் பயோடேட்டாவில் இந்த நான்கும் ஒரே வரியில் முடிந்துபோகும்: 'எல்லா வகை ஏசி சர்வீஸ், இன்ஸ்டலேஷன், கேஸ் சார்ஜிங் தெரியும்.' படிப்பவருக்கு இந்த வரி எதையும் சொல்வதில்லை. ஆறு மாத ஹெல்பரும் இதையே எழுதலாம், பதினைந்து வருட அனுபவம் உள்ளவரும் இதையே எழுதலாம். வரியைப் படித்ததும் மேனேஜருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும், அந்தக் கேள்விக்கு எழுதியவரிடம் பதில் இருக்க வேண்டும். நல்ல வரிக்கு இதுதான் அளவுகோல்.

கீழே வரும் விளக்கங்கள் ஒரு கற்பனை மெக்கானிக்கை எடுத்துக்கொண்டு நகர்கின்றன. மதுரைப் பக்கம் ஒரு அரசு ஐடிஐயில் இரண்டு ஆண்டு குளிர்சாதனப் பிரிவை 2016இல் முடித்தவர். ஓராண்டு அப்ரண்டிஸ். பிறகு மூன்று ஆண்டுகள் ஒரு டீலரிடம் வீட்டு ஏசி வேலை. 2020 முதல் கோயம்புத்தூரில் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியன். இப்போது அதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார்.

சர்வீஸ் செய்த மெஷின்கள்

முதல் பகுதியில் பலர் பிராண்டுகளின் பெயர்களை வரிசையாக எழுதுகிறார்கள். பிராண்டு பெயர் அதிகம் சொல்வதில்லை. ஒரே அளவுள்ள சாதாரண ஸ்பிளிட் ஏசி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வேறுபாடு மெஷினின் வகையில் இருக்கிறது. ஒவ்வொரு வகையும் தனக்கென்று சில பழுதுகளை வைத்திருக்கிறது. ஒருவர் எந்த வகையில் வேலை பார்த்தார் என்பதை வைத்தே அவர் எந்தப் பழுதுகளைச் சந்தித்திருப்பார் என்று மேனேஜர் ஊகிப்பார்.

பழைய, ஒரே வேகத்தில் ஓடும் ஸ்பிளிட்டில் பழுது பெரும்பாலும் கண்ணுக்கும் மீட்டருக்கும் சிக்கும். கெப்பாசிட்டர் போகும், ரிலே கருகும், ஃபேன் மோட்டார் நிற்கும், ஃபிளேர் நட்டில் கேஸ் கசியும். இன்வெர்ட்டர் ஏசியில் கதை மாறுகிறது. கம்ப்ரஸரின் வேகத்தை ஒரு மின்னணுப் பலகை கூட்டிக் குறைக்கிறது. வேகம் மாற மாற சக்‌ஷன் பக்கத்து அழுத்தமும் மாறுகிறது. பழைய பழக்கத்தில் கேஜைப் பார்த்து 'இவ்வளவு பிஎஸ்ஐ வரும்வரை' கேஸ் ஏற்றுகிறவர் இங்கே தவறாகத்தான் ஏற்றுவார். கம்ப்ரஸர் மெதுவாக ஓடும் நேரத்தில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும், கேஸ் போதும் என்று நிறுத்திவிடுவார். இன்வெர்ட்டரில் சரியான வழி, மிச்சமுள்ள கேஸை வெளியே எடுத்து, வாக்கம் போட்டு, பெயர்ப்பலகையில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் வைத்து ஏற்றுவதுதான். எனவே 'இன்வெர்ட்டர் ஸ்பிளிட்' என்று எழுதியவரிடம் வரும் முதல் கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம்: கேஸ் எப்படி ஏற்றுவீர்கள்? 'தராசு' என்ற சொல் பதிலில் வராவிட்டால் அந்த வரியின் மதிப்பு குறைந்துவிடும்.

கேசெட், டக்டபிள் மெஷின்களில் தண்ணீர் வடிவது, பெல்ட் தளர்வது, ஃபில்டர் அடைந்து காற்று குறைவது என்று பழுதுகள் வேறு. விஆர்எஃப் என்னும் வகையில் ஒரே அவுட்டோரிலிருந்து பல அறைகளுக்குப் பைப் பிரிந்து போகும். அங்கே ஒவ்வொரு உள் யூனிட்டுக்கும் முகவரி எண் கொடுப்பதும், தகவல் கேபிளில் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பதும் தனி வேலை. கோல்டு ரூமில் டிஃப்ராஸ்ட் ஹீட்டர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கதவு ரப்பர் என்று இன்னொரு உலகம். ஐந்து வருடம் ஸ்பிளிட் மட்டும் பார்த்தவருக்கு, குளிர்ப்பெட்டிக்குள் காயிலில் பனி கட்டி நிற்பது கேஸ் குறைவாலா, டிஃப்ராஸ்ட் ஓடாததாலா என்று உடனே பிடிபடாது.

ஆகவே இந்தப் பகுதியை வகைவாரியாக எழுதுவது நல்லது. வகைக்கு மூன்று தகவல் போதும்: டன் அளவு, அதில் இருந்த கேஸ், அவர் தனியாகச் செய்த வேலை. நம் மெக்கானிக்கின் வரிகள் இப்படி அமையும்:

- ஸ்பிளிட், 1 முதல் 2 டன், ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32. சாதாரணம், இன்வெர்ட்டர் இரண்டும். கம்ப்ரஸர் மாற்றம், பிசிபி பழுது கண்டறிதல், எடை பார்த்து கேஸ் ஏற்றல் தனியாக.
- கேசெட், 2 முதல் 4 டன், ஆர்-410ஏ. டிரெயின் பம்ப், ஃபேன் மோட்டார் மாற்றம் தனியாக.
- டக்டபிள், 5.5 முதல் 11 டன், ஆர்-22, ஆர்-407சி. பெல்ட், பேரிங், கம்ப்ரஸர் மாற்றம் தனியாக.
- விஆர்எஃப், 20 எச்பி, ஆர்-410ஏ. பைப் வேலை, கசிவுச் சோதனை. ஸ்டார்ட்-அப் நிறுவனப் பொறியாளர் செய்தார்.
- சில்லர்: தினசரி ரீடிங் எடுத்தல் மட்டும்.

கடைசி இரண்டு வரிகள்தான் இந்தப் பட்டியலுக்கு நம்பகத்தன்மையைத் தருகின்றன. சில்லரில் ரீடிங் மட்டும் எடுத்தவர் 'சில்லர் அனுபவம்' என்று எழுதினால், மேனேஜரின் இரண்டாவது கேள்விக்குள் அது வெளிப்பட்டுவிடும். அதன் பிறகு மேலே உள்ள உண்மையான வரிகளையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். எல்லையைத் தானே எழுதிவிட்டவரிடம் அப்படி நடப்பதில்லை.

பொருத்திய வேலைகள்

இன்ஸ்டலேஷன் அனுபவத்தை எண்ணிக்கையாக எழுதுவதே வழக்கம்: 'சுமார் 400 ஸ்பிளிட் பொருத்தியுள்ளார்.' எண்ணிக்கை தேவைதான், ஆனால் அது வேகத்தைத்தான் காட்டுகிறது. தரத்தைக் காட்ட ஒரு வேலையை முழுமையாகச் சொல்லலாம். மூன்றாவது மாடியில் 1.5 டன் ஆர்-32 ஸ்பிளிட் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒழுங்காகச் செய்பவரின் வேலை வரிசை இப்படிப் போகும். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அறைக்குள் வடியும். தாமிரக் குழாயை வெட்டியதும் ரீமர் வைத்துப் பிசிறு எடுத்து ஃபிளேர் அடிக்க வேண்டும். இணைப்பு முடிந்ததும் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். பிறகு வாக்கம் பம்ப். கடைசியில்தான் அவுட்டோரின் வால்வைத் திறப்பது.

நைட்ரஜன், வாக்கம் என்ற இரண்டு படிகளும்தான் களத்தில் அதிகம் தவிர்க்கப்படுகின்றன. வால்வைக் கொஞ்சம் திறந்து, உள்ளே இருக்கும் கேஸாலேயே குழாயில் உள்ள காற்றை வெளியே தள்ளிவிடுகிற பழக்கம் பரவலாக உண்டு. காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களில் உள்ள கம்ப்ரஸர் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் வகை. அந்த ஈரம் நாளடைவில் அமிலமாகி மோட்டார் சுற்றின் காப்பை அரிக்கும். ஒரு கம்ப்ரஸர் இரண்டாவது கோடையில் எரிந்தால் அதற்கான காரணம் பொருத்திய நாளிலேயே உள்ளே போயிருக்கக்கூடும். இதில் கேஸ் வீணாவதும் உண்டு. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் ஆபத்தும் உண்டு.

நேர்முகத்தில் வாக்கம் பற்றி வரும் கேள்வி எளிமையானது: 'எவ்வளவு போடுவீர்கள்?' 'இருபது நிமிடம்' என்பது ஒரு பதில். '500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுபோய், பம்பை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்பேன்' என்பது இன்னொரு பதில். வளிமண்டல அழுத்தம் 7,60,000 மைக்ரான். அதில் 500ஐச் சாதாரண மேனிஃபோல்ட் கேஜால் காட்ட முடியாது, டிஜிட்டல் வாக்கம் கேஜ் வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு அளவு ஓரளவு ஏறி அங்கேயே நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. நேரத்தைச் சொல்பவரிடம் அந்தக் கேஜ் இருந்ததில்லை என்று மேனேஜருக்குப் புரிந்துவிடும். அதனால் 'டிஜிட்டல் வாக்கம் கேஜ், கேஸ் தராசு, நைட்ரஜன் ரெகுலேட்டர் பயன்படுத்திய அனுபவம்' என்ற ஒரு வரியை இன்ஸ்டலேஷன் பகுதியின் கீழேயே எழுதுவது பொருத்தம். கருவிகளைத் தனிப் பட்டியலாகக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் யாரும் படிப்பதில்லை.

பைப் நீளத்தைக் குறிப்பிட்டு எழுதும் வரிக்கும் இதே பலம் உண்டு. அவுட்டோர் யூனிட்டுகள் குறிப்பிட்ட நீளப் பைப்புக்குப் போதுமான கேஸோடு தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அதற்கு மேல் பைப் நீண்டால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கையேட்டில் இருக்கும். ஒரு மெஷின் 5 மீட்டருக்கான கேஸோடு வருகிறது, கூடுதல் மீட்டருக்கு 20 கிராம் என்று கையேடு சொல்கிறது, பைப் 12 மீட்டர் போகிறது என்றால், கூடுதல் 7 மீட்டருக்கு 140 கிராம் சேர்க்க வேண்டும். 'அடுக்ககங்களில் 15 மீட்டர் வரை பைப் லைன், கூடுதல் கேஸ் கணக்கிட்டு ஏற்றியது' என்று எழுதியவருக்கு இந்தக் கணக்கு வாயிலேயே வர வேண்டும்.

பெரிய வேலைகளில் அவரவர் பங்கைப் பிரித்துச் சொல்வது இன்னும் முக்கியம். நம் மெக்கானிக் 14 உள் யூனிட் கொண்ட ஒரு விஆர்எஃப் வேலையில் இருந்தார். பைப் பற்றவைத்தது, நைட்ரஜன் சோதனை செய்தது அவருடைய குழு. பற்றவைக்கும்போது குழாய்க்குள் இலேசாக நைட்ரஜனை ஓடவிட்டார்கள். அப்படிச் செய்யாவிட்டால் உள்சுவரில் கரிய ஆக்சைடு படிந்து, பிறகு உதிர்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். பற்றவைப்பு முடிந்ததும் 40 பார் அழுத்தத்தில் 24 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள்.

இங்கே அனுபவம் உள்ளவரை அடையாளம் காட்டும் கேள்வி ஒன்று உண்டு. மாலையில் 40 பாரில் விட்டுப் போனீர்கள், காலையில் 38.7 காட்டுகிறது, கசிவா? பதில் வெப்பநிலையில் இருக்கிறது. மூடிய குழாயில் உள்ள நைட்ரஜன் குளிர்ந்தால் அழுத்தம் தானே இறங்கும். 40 பாரில் ஒரு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 0.13 பார் குறையும். மாலை 35 டிகிரியாகவும் காலை 25 டிகிரியாகவும் இருந்திருந்தால் 1.3 பார் இறக்கம் இயல்பானது, கசிவு இல்லை. வெப்பநிலை மாறாமல் இதே இறக்கம் இருந்தால்தான் ஜாயிண்டுகளைத் தேட வேண்டும். அந்த வேலையில் உண்மையிலேயே நின்றவர் சோதனைத் தாளில் அழுத்தத்தோடு வெப்பநிலையையும் எழுதியிருப்பார். பயோடேட்டாவில் 'விஆர்எஃப், 20 எச்பி, 14 உள் யூனிட். பற்றவைப்பு, 40 பாரில் 24 மணி நேரச் சோதனை' என்று எழுதினால் இந்த உரையாடல் முழுவதற்கும் அது வாசல் திறந்துவிடும்.

கேஸ் கையாளும் பயிற்சி

கேஸ் பயிற்சிக்குத் தனித் தலைப்பு கொடுப்பது கடந்த சில ஆண்டுகளில் வந்த மாற்றம். அதற்குச் சட்டமும் காரணம், கேஸ்களின் குணமும் காரணம். நீண்ட காலம் வீட்டு ஏசிகளில் ஆர்-22 மட்டுமே இருந்தது. அது தீப்பற்றாது; ஆனால் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வகை. மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியா அதைப் படிப்படியாகக் குறைத்து வருகிறது. 2030க்குப் பிறகு பழைய மெஷின்களின் பராமரிப்புக்கான சிறு அளவு மட்டுமே மிஞ்சும். அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது; ஆனால் புவியைச் சூடாக்கும் திறனில் கார்பன் டைஆக்சைடைப் போல ஏறத்தாழ 2,088 மடங்கு. ஆர்-32க்கு அந்த அளவு சுமார் 675. இப்படிப்பட்ட கேஸ்களையும் குறைப்பதற்காக 2016இல் கிகாலியில் ஏற்பட்ட திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது.

மெக்கானிக்கின் கையில் இதன் விளைவு நேரடியானது. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும். சில வீட்டு ஏசிகளில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன்; சமையல் கேஸின் உறவுக்காரர். ஃபிரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ ஐசோபியூட்டேன். சிஸ்டத்தில் கேஸ் மிச்சம் இருக்கும்போது டார்ச் வைத்துப் பற்றவைப்பது ஆர்-22 காலத்தில் கெட்ட பழக்கம் என்ற அளவில் இருந்தது, இப்போது அது விபத்து.

இந்தப் பின்னணியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு, ஆர்-22 போன்ற கேஸ்களைக் கைவிடும் திட்டத்தின் கீழ், சர்வீஸ் மெக்கானிக்குகளுக்கு நல்ல சர்வீஸ் முறைகள் பற்றிய குறுகிய காலப் பயிற்சிகளை நடத்திவந்திருக்கிறது. 2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டமும் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை ஓர் இலக்காக வைத்தது. பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டத்தில், ஐடிஐ படிக்காமல் வேலையிலேயே கற்றவருக்கு முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு. ஏசி தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் இன்வெர்ட்டர், விஆர்எஃப் மாடல்களுக்கு நடத்தும் பயிற்சிகள் தனி.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் சிலர் அமெரிக்காவின் 608 பிரிவுச் சான்றிதழை எழுதுகிறார்கள். அந்நாட்டின் தூய காற்றுச் சட்டத்தில் கேஸ் கையாள்வோருக்கான தேர்வு அது. சிறு சாதனங்களுக்கு முதல் வகை, உயர் அழுத்த மெஷின்களுக்கு இரண்டாம் வகை, குறைந்த அழுத்த சில்லர்களுக்கு மூன்றாம் வகை, மூன்றும் சேர்ந்தால் யூனிவர்சல் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. இதை எழுதும்போது எந்த வகை என்று சொல்லாவிட்டால் பயனில்லை. தேர்வு எழுத்துத் தேர்வு என்பதால் செய்முறைக்கு அது சாட்சியும் ஆகாது.

எந்தச் சான்றிதழாக இருந்தாலும் வரியில் இருக்க வேண்டியவை நான்கு: நடத்திய அமைப்பு, ஆண்டு, எத்தனை நாள், கையால் என்ன செய்தார். நான்காவதுதான் வழக்கமாக விடுபடுகிறது. 'கேஸ் பயிற்சிச் சான்றிதழ், 2021' என்பதற்குப் பதிலாக 'இரண்டு நாள் பயிற்சி, 2021. ரிகவரி மெஷினில் கேஸ் மீட்டல், நைட்ரஜன் ஓடவிட்டுப் பற்றவைத்தல், தீப்பற்றும் கேஸ்களுக்கான பாதுகாப்பு' என்று எழுதினால், பயிற்சியில் என்ன நடந்தது என்பதும் அவர் அதில் விழித்திருந்தார் என்பதும் தெரியும்.

கேஸ் மீட்டது பற்றித் தனி வரி எழுத முடிந்தவர்கள் இன்னும் குறைவு. பழுதான மெஷினிலிருந்து கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடித்து வைப்பதுதான் ரிகவரி. அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில உண்மைகள் உண்டு. சிலிண்டரை அதன் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரியும்போது இடம் இல்லாவிட்டால் சிலிண்டர் வெடிக்கும். இரண்டு வகை கேஸை ஒரே சிலிண்டரில் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டுமே பயன்படாது. ஆர்-32ஐ மீட்க அதற்கென்று ஏற்கப்பட்ட மெஷின்தான் வேண்டும். கசிவுச் சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் அது வெடிக்கும். இந்த உண்மைகளைப் பயோடேட்டாவில் எழுத வேண்டியதில்லை. 'பழைய ஆர்-22 டக்டபிள் 4 மெஷின்களைக் கழற்றும்போது கேஸ் மீட்டுச் சிலிண்டரில் ஒப்படைத்தது' என்று ஒரு வேலையை எழுதினால் போதும். மற்றவற்றை மேனேஜர் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

பராமரிப்பு ஒப்பந்த அனுபவம்

நான்கு பகுதிகளில் சம்பளத்தை அதிகம் தீர்மானிப்பது இதுதான். பயோடேட்டாவில் மிகவும் மெலிந்து கிடப்பதும் இதுதான். 'ஏஎம்சி அனுபவம் 4 ஆண்டு' என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டு வகை. ஒன்றில் ஒப்பந்தத் தொகை வேலைக்கூலிக்கு மட்டும். உதிரிபாகத்துக்கும் கேஸுக்கும் வாடிக்கையாளர் தனியாகப் பணம் தருவார். மற்றதில் கம்ப்ரஸர் உட்பட எல்லாமே ஒப்பந்தத்துக்குள் அடங்கும். இரண்டாவது வகையில் மெக்கானிக் தவறாக மாற்றும் ஒவ்வொரு பாகமும் அவருடைய நிறுவனத்தின் நஷ்டம். எரிந்த பிசிபியை மாற்றுவதற்கு முன் அது ஏன் எரிந்தது என்று பார்க்காவிட்டால், புதியதும் எரியும்; அதற்கும் நிறுவனம்தான் பணம் கட்ட வேண்டும். எனவே எந்த வகை ஒப்பந்தத்தில் வேலை செய்தார் என்பதே ஒரு தகவல். உதிரிபாகமும் அடங்கிய ஒப்பந்தத்தில் பல ஆண்டு நிலைத்தவர் காரணம் தேடும் பழக்கம் உள்ளவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஒப்பந்தத்தின் அளவு. நம் மெக்கானிக் பொறுப்பில் இருந்தது ஒரு மருத்துவமனைக் கட்டடம். 1.5 டன் ஸ்பிளிட் 38, 3 டன் கேசெட் 12, 8.5 டன் டக்டபிள் 6 இருந்தன. மொத்தம் 56 மெஷின், 144 டன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினுக்கும் சர்வீஸ் என்பதால் ஆண்டுக்கு 224 முறை. இந்த மூன்று எண்களும் ஒரு வரியில் அடங்கும். அது இல்லாமல் 'மருத்துவமனை ஏஎம்சி' என்று மட்டும் எழுதினால் பத்து மெஷினா, இருநூறா என்று தெரியாது. வாடிக்கையாளரின் பெயரைப் போடுவதும் தேவையில்லை. கட்டடத்தின் தன்மை, மெஷின் எண்ணிக்கை, டன் போதும். பெயர் கேட்டால் நேரில் சொல்லலாம்.

மூன்றாவது, அந்த இடத்தில் அவர் இருந்ததால் என்ன மாறியது என்பது. இதைப் பெரிய வார்த்தைகளில் எழுதுவதைவிடச் சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணி எழுதுவது நல்லது. நம் மெக்கானிக்கின் அடிக்கட்டைகள் இப்படிச் சொல்கின்றன. 2022இல் அந்தக் கட்டடத்திலிருந்து வந்த பழுது அழைப்புகள் 96. அவற்றில் 41 தண்ணீர் ஒழுகல். காரணம் தேடியபோது டிரெயின் தட்டில் பாசி படிந்து குழாய் அடைவது தெரிந்தது. மூன்று மாதச் சர்வீஸில் ஃபில்டரும் காயிலும் கழுவப்பட்டன. டிரெயின் குழாயை யாரும் ஊதிச் சுத்தம் செய்யவில்லை. அந்தப் படி சர்வீஸ் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2023இல் அழைப்புகள் 71. தண்ணீர் ஒழுகல் 15.

இந்தக் கணக்கைச் சற்று உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். தண்ணீர் ஒழுகல் தவிர மற்றப் பழுதுகள் முதல் ஆண்டில் 55, இரண்டாம் ஆண்டில் 56. அவை குறையவில்லை. ஆகவே 'பழுதுகளை 26 சதவீதம் குறைத்தார்' என்று எழுதுவது எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் பாதிதான் உண்மை. 'டிரெயின் சுத்தம் செய்வதை அட்டவணையில் சேர்த்ததால் தண்ணீர் ஒழுகல் அழைப்புகள் ஆண்டுக்கு 41இலிருந்து 15 ஆகக் குறைந்தன' என்பது முழு உண்மை. காரணமும் விளைவும் ஒரே வரியில் இருப்பதால் படிப்பவர் நம்புவதும் எளிது. சதவீதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் விழிக்க வேண்டியதும் இல்லை.

அதே அடிக்கட்டைகளிலிருந்து எடுக்கக்கூடிய இன்னொரு எண், திரும்ப வந்த அழைப்பு. சரிசெய்த மெஷினே முப்பது நாளுக்குள் அதே புகாரோடு மறுபடி வந்தால் முதல் வேலை சரியில்லை என்று பொருள். 71 அழைப்புகளில் 6 அப்படி வந்திருந்தால், பன்னிரண்டுக்கு ஒன்று. இந்த எண்ணைத் தானாகச் சொல்லும் மெக்கானிக் அரிது. சர்வீஸ் மேனேஜர்களோ தங்கள் குழுவைப் பற்றி ஒவ்வொரு மாதமும் பார்க்கும் எண்களில் இது ஒன்று.

ஒப்பந்த வேலையில் எழுத்து வேலையும் உண்டு. ஒவ்வொரு சர்வீஸிலும் சக்‌ஷன் அழுத்தம், கம்ப்ரஸர் ஆம்பியர், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு ஆகியவை தாளில் பதிவாக வேண்டும். ஒரே மெஷினின் ஆம்பியர் மூன்று சர்வீஸில் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால், அது நிற்பதற்கு முன்பே கண்டென்சரையோ ஃபேன் மோட்டாரையோ பார்க்கலாம். 'சர்வீஸ் ரீடிங் பதிவு, வாடிக்கையாளர் கையொப்பம், உதிரிபாகக் கணக்கு' என்ற சிறு வரி இந்தப் பொறுப்புகளைக் காட்டப் போதும்.

தாளில் அமைப்பது

இவ்வளவும் ஒரு பக்கத்தில், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கத்தில் அடங்க வேண்டும். மேலே பெயர், ஊர், கைபேசி எண், ஓட்டுநர் உரிமம் இருந்தால் அது. அதன் கீழே இரண்டு வரிச் சுருக்கம்: 'ஐடிஐ குளிர்சாதனப் பிரிவு, 2016, வீட்டு ஏசி, வணிகக் கட்டட ஏசியில் ஏழு ஆண்டு, 144 டன் ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பொறுப்பு.' அடுத்து மெஷின்கள், பொருத்திய வேலைகள், கேஸ் பயிற்சி, ஒப்பந்த அனுபவம் என்ற நான்கு பகுதிகள். பிறகு வேலை பார்த்த இடங்கள் மாதம், ஆண்டோடு. கடைசியில் ஐடிஐ, அப்ரண்டிஸ் சான்றிதழ்கள். 'சவாலான சூழலில் பணியாற்றி வளர விரும்புகிறேன்' என்ற குறிக்கோள் வரியும் தந்தை பெயர், மதம், பொழுதுபோக்கு ஆகியவையும் இடத்தைத்தான் பிடிக்கின்றன. தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகும். எழுதித் தருகிறவர் வேறு ஒருவராக இருந்தால், எண்களையும் கேஸ் பெயர்களையும் மெக்கானிக்கே ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். ஆர்-407சி என்பது ஆர்-470சி ஆகி அச்சான தாள், எழுதியவர் அதைப் படிக்கவே இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தேதிகளில் இடைவெளி இருந்தால் மறைக்க வேண்டியதில்லை. கோடை முடிந்ததும் ஆள் குறைக்கும் தொழில் இது. மேனேஜருக்கு அது தெரியும். அந்த மாதங்களில் தனியாக வேலை பார்த்திருந்தால் 'சொந்தமாக வீட்டு ஏசி சர்வீஸ்' என்று எழுதலாம். இல்லாத நிறுவனத்தின் பெயரில் அனுபவச் சான்றிதழ் வாங்கி இணைப்பது வேறு விஷயம். வெளிநாட்டு வேலைகளுக்குப் பெரும்பாலும் ஆள் எடுப்பதற்கு முன் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள். தாமிரக் குழாயைக் கொடுத்து ஃபிளேர் அடிக்கச் சொல்வார்கள், ஒரு ஜாயிண்ட் பற்றவைக்கச் சொல்வார்கள், வேண்டுமென்றே பழுதாக்கிய மெஷினைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்பார்கள். போலிச் சான்றிதழ் அங்கே ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

தாள் தயாரானதும் அதைச் சோதிக்கும் வழி எளிது. உடன் வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு 'இதில் என்ன செய்தாய்?' என்று கேட்கச் சொல்லலாம். இரண்டு நிமிடம் பேச முடியாத வரியைச் சுருக்க வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் அனுப்ப வேண்டிய பயோடேட்டா.